இரண்டாவது டீ

அந்த அலுவலகத்தில் அவளைக் கத்தரி அக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'கத்தரி'. வெளியூர் வேலைக்குப் போய்வந்தவர்கள் கொடுக்கும் பயணச் செலவுக் கணக்கை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, விதிக்கு உட்பட்டதை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறாள். லாட்ஜ் வாடகை வரம்புக்கு மேல் நாற்பது போயிருந்தால் அந்த நாற்பது போச்சு. ஆட்டோ ரசீதில் எட்டை ஒன்பதாகத் திருத்தியிருந்தால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவாள். வெட்டிய இடத்தில் சிவப்பு மையில் விதி எண்ணை எழுதிச் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடுவாள். அது ஒரு கொக்கி மாதிரி இருக்கும்.

இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். கம்பெனிக் காசு தன் வீட்டுக் காசு என்பது போல் பேசுவாள். அவள் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் முப்பது வருஷம் டிக்கெட்டைக் கிழிச்சேன். நீ மனுஷனையே கிழிக்கிற" என்று சாப்பிடும்போது சீண்டுவார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

அவளிடம் அதிகமாக வெட்டு வாங்கியவர் கம்பளிக்காரர். குளிர்பதனக் கிடங்குகளுக்குப் போய் இயந்திரங்களைச் சரிபார்க்கும் டெக்னீசியன். காய்கறி, மீன், மருந்து என்று ஊர் ஊராக இருக்கும் கிடங்குகள்; உள்ளே உறையும் குளிர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவர் கழுத்தில் ஒரு பழுப்புக் கம்பளித் துண்டு கிடக்கும். அதனால் அந்தப் பெயர். அதிகம் பேசமாட்டார். மாதத்துக்கு இரண்டு முறை அவர் கணக்கு வரும், ரசீதுகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படாமல் வெள்ளைத் தாளில் அழகாக ஒட்டப்பட்டு. ஒட்டுவது விதி: அச்சு மேலே தெரியவேண்டும், தாளுக்கு மேல் நீட்டக்கூடாது. அந்த ஒழுங்கில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் எல்லாக் கணக்கிலும் ஒரே கோளாறு. டீ இரண்டு. சாப்பாடு இரண்டு. போனவர் ஒருவர்.

முதலில் வெட்டினாள். பிறகும் வெட்டினாள். நாலரை வருடம் வெட்டினாள். 'விதி 6.4, ஊழியர் அல்லாதவருக்கான செலவு, முன் அனுமதி இல்லை.' அவர் ஒரு தடவைகூட வந்து சண்டை போட்டதில்லை. அடுத்த மாதம் மறுபடியும் இரண்டு டீ இருக்கும். இதில்தான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சொன்னால் கேட்கவேண்டாமா? கடைசியில் மேனேஜரிடம் சொல்லி ஒரு மெமோ எழுதினாள். 'இனியும் இரண்டு நபர்களுக்கான உணவு ரசீதுகள் சமர்ப்பிக்கப்பட்டால் அது பொய்க் கணக்காகக் கருதப்பட்டு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.' வாசகம் அவளுடையது, கையெழுத்து மேனேஜருடையது.

மெமோ போய் மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கம்பளிக்காரர் இறந்துபோன செய்தி வந்தது. ஒரு கிடங்கின் உறைகுளிர் அறைக்குள். முந்தின நாள் சாயங்காலம் உள்ளே போனவர் கதவு சாத்திக்கொண்டதில் மாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடியில் பனி இறுகிக் கிடந்ததாம். காலையில் மூட்டை எடுக்க வந்தவர்கள் பார்த்தார்கள்.

அலுவலகத்தில் சிலர் அழுதார்கள். கத்தரி அக்காவும் அழுதாள். நல்ல மனுஷன் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. டீ விஷயம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை தபாலில் அவருடைய கணக்கு வந்தது.

உறையைப் பார்த்ததும் அதை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். அவருடைய எழுத்து. சாய்வில்லாமல், பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுவது போல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. தபால் முத்திரை வியாழக்கிழமை பிற்பகல். யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் எதுவும் இல்லை. பயணம் முடிந்து ஏழு நாளுக்குள் கணக்கு வந்துசேரவேண்டும். முன்பொரு முறை எட்டாவது நாள் வந்ததை அவளே திருப்பி அனுப்பியிருந்தாள். அதிலிருந்து கடைசி ஊரிலேயே கணக்கை முடித்துத் தபாலில் போட்டுவிட்டுத்தான் கடைசி வேலைக்குள் இறங்குவார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உறையைக் கிழிக்க மதியம் வரை ஆயிற்று.

உள்ளே எல்லாம் முறையாக இருந்தது. அச்சடித்த முகப்புத் தாளில் ஒன்பது இனங்கள். போன பஸ், லாட்ஜ் மூன்று இரவு, கிடங்குகளுக்கு ஆட்டோ, சாப்பாடு, டீ. ஒன்பதாவது இனம்: திரும்பும் பஸ், வியாழன் இரவு, இருநூற்றுப் பத்து. அதற்கு நேரே 'டிக்கெட் பின்னால் வரும்' என்று இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. ரசீதுகளைத் தபாலில் அனுப்பினாலும் கணக்கைச் செல்போனிலும் ஏற்றவேண்டும்; அப்போது திரும்பும் பயணத்தைக் காட்டாவிட்டால் 'பயணம் முடியவில்லை' என்று சிஸ்டம் வாங்காது. எல்லாரும் செய்வதுதான்.

அவள் பழக்கதோஷத்தில் டீ ரசீதைப் பார்த்தாள். ஒன்று. சாப்பாடு ஒன்று. நாலு நாளும் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.

"வழிக்கு வந்துட்டார்" என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியும் இருப்பாள். சொல்லப்போகும்போது, பக்கத்தில் யாரோ நின்றுகொண்டிருந்து அப்போதுதான் நகர்ந்து போனதுபோல் ஒரு உணர்வு. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை, தண்ணீர் பிடிக்கிற இடம் மட்டும் இருந்தது. அன்றைக்குக் கணக்கை அப்படியே இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு போன் வந்தது.

"மேடம், கணக்கு செக்ஷனா? நான் கம்பளிக்காரர்னு சொல்வாங்களே, அவர் வீட்ல இருந்து பேசறேன்."

"சொல்லுங்கம்மா."

"அவரு போன் என்கிட்டதான் இருக்கு. தெனம் காலைல பத்து மணிக்கு அடிக்குது மேடம். எடுத்துப் பாத்தா உங்க கம்பெனிலேருந்து மெசேஜ். ஒன்பதாவது இனம், திரும்பி வந்த டிக்கெட் இன்னும் குடுக்கல, உடனே குடுங்கன்னு."

ரசீது பாக்கி இருந்தால் சிஸ்டம் தானாக நினைவூட்டும் என்று கத்தரி அக்காவுக்குத் தெரியும். தினமும் போகும், இறந்தவருக்கும் போகும் என்று யோசித்ததில்லை. கணக்கு முடிந்தால்தான் அவர் எடுத்த முன்பணம் நேராகும்; அது நேரானால்தான் அவர் பெயரை ஊழியர் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். அதுவரைக்கும் சிஸ்டத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் பயணத்தில் இருந்தார்.

"நான் நிறுத்திடறேன்மா. மன்னிச்சுக்கோங்க."

அந்தப் பெண் உடனே போனை வைக்கவில்லை.

"இன்னொண்ணு மேடம். கம்பெனிலேருந்து லெட்டர் வந்திருக்கு. பாதுகாப்பு விதியை மீறி ஆள் துணையில்லாம தனியா உள்ள போனாராம். அதனால நஷ்டஈடு கிடையாதாம். அவரு அப்படிப் போற ஆளே இல்ல மேடம். கதவுகிட்ட ஒரு ஆளை நிக்க வெச்சிட்டுதான் உள்ள போவேன், பயப்படாதேன்னு எப்பவும் சொல்வாரு. ரெண்டு புள்ளைங்க. வீட்டு லோன் வேற இருக்கு. அவரு பில்லு எல்லாம் உங்ககிட்டதான் இருக்குமாமே. கூட யாராச்சும் இருந்தாங்களான்னு அதுல தெரியுமா?"

"பாக்கறேன்" என்றாள் கத்தரி அக்கா.

பழைய கணக்குகள் கோப்பு அறையில் இருக்கும். வராந்தாவின் கோடியில், ஜன்னல் ஒன்றே ஒன்று உள்ள நீளமான அறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது, சாவி வாங்கிக்கொண்டு போனாள். கதவில் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் பொருத்தியிருந்தது. அவளுக்குப் பின்னால் அது மெதுவாக வந்து சாத்திக்கொண்டது.

கம்பளிக்காரரின் பெட்டியை இறக்கி முதல் கோப்பைத் திறந்தாள். பசை காய்ந்துபோயிருந்தது. திறந்த வேகத்தில் ரசீதுகள் தாளை விட்டுப் பிரிந்து, ஒவ்வொன்றாக, மேஜையில் உதிர்ந்தன. சூட்டில் அச்சாகும் வகை ரசீதுகள் அவை. வருடம் போனால் எழுத்து மறைந்துவிடும். முகம் வெளுத்துப்போய், கடை பெயரும் இல்லை, தொகையும் இல்லை, தேதியும் இல்லை. வெட்டியது எதை, விட்டது எதை என்று அவளுடைய சிவப்புக் கொக்கி மட்டும்தான் தாளில் மிஞ்சியிருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. தனித்தனியான எழுத்து. 'கதவு – வாட்ச்மேன்.'

அடுத்ததைத் திருப்பினாள். 'கதவு – மூட்டை தூக்குபவர்.' அடுத்தது: 'கதவு – டீக்கடைக்காரர் மச்சான்.' 'கதவு – லாரி டிரைவர், பெரியவர்.' 'கதவு – அதே பெரியவர்.' 'கதவு – பெருக்கும் அம்மா. சாப்பாடு வேண்டாம் என்றார், டீ மட்டும்.'

நாலரை வருடமாக இரண்டாவது டீ யார் யாருக்குப் போனதோ, பெயர் தெரியாத அந்த அத்தனை பேரும் அந்த மேஜையில் கிடந்தார்கள். ஒட்டிய பசைக்குக் கீழே, அவளுடைய கையெழுத்துக்குக் கீழே, முகம் குப்புற. திருப்பிப் பார்க்கவேண்டும் என்று விதியில் இல்லை. ஒட்டவேண்டும் என்றுதான் இருந்தது. அவள் எப்படித் திருப்பியிருப்பாள்?

முதல் கணக்கின் முகப்புத் தாளைத் தேடினாள். அதைத் தேடாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாவது மிஞ்சியிருக்கும். தேதி, வெளியூர் வேலைக்கு இரண்டு பேராக அனுப்புவதைக் கம்பெனி நிறுத்திய அதே மாதம். குறிப்பு என்ற கட்டத்தில் பேனாவில் எழுதியிருந்தார்: 'இனி உடன் ஆள் வராததால், நான் உள்ளே இருக்கும்போது கதவருகே நிற்பவருக்கு டீ, சாப்பாடு.' அதன்மேல் சிவப்பில் ஒரு கோடு. 'விதி 6.4. அனுமதி இல்லை.' கொக்கி.

சொல்லியிருந்தார். முதல் தடவையே எழுத்தில் சொல்லியிருந்தார். அவள் அதைப் படித்து, கோடு போட்டு, மறந்தும்போயிருந்தாள். அப்புறம் அவர் முன்பக்கம் எழுதவில்லை. தனக்காகப் பின்பக்கம் எழுதிக்கொண்டு, வெட்டுப்படும் என்று தெரிந்தே அனுப்பி, தன் கைக்காசில் ஆள் நிறுத்திக்கொண்டிருந்தார். மெமோ வந்தபிறகு அதையும் விட்டுவிட்டார். வேலை போய்விடுமே என்று பயந்திருப்பார்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று தெரியாது. அறை குளிர்ந்துகொண்டே வருவது போல் இருந்தது. மின்விசிறிகூட ஓடவில்லை. சாத்திய கதவைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. பூட்டியிருக்காது, வெறுமனே சாத்தியிருக்கிறது, கைப்பிடியைத் திருகினால் திறந்துவிடும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கை நீளவில்லை. திருகி, அது திறக்காமல் போனால்? வெளியே யாராவது நிற்கக்கூடாதா, யாராவது ஒருத்தர், பெருக்குகிற அம்மாவாவது, என்று வாய்விட்டு முணுமுணுத்தாள். ஒரு டீ விலை எவ்வளவு இருக்கும் என்றும் அப்போது மனசு கணக்குப் போட்டது. பாழாய்ப்போன மனசு, அந்த நேரத்திலும் கணக்கை விடவில்லை.

கடைசியில் திருகினாள். திறந்தது. வராந்தாவில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

தன் மேஜைக்கு வந்து, இழுப்பறையிலிருந்து கடைசிக் கணக்கை எடுத்தாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பசைமேல் ஒற்றி, நாலு டீ ரசீதுகளையும் கிழியாமல் பிரித்தாள். திங்கள்: 'கதவு – கல் வைத்தேன்.' செவ்வாய்: 'கதவு – கல்.' புதன்: 'கதவு – கல்.' வியாழன் ரசீதைத் திருப்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. முகத்தை ஒருமுறை கழுவிக்கொண்டு வந்தபிறகு திருப்பினாள்.

'கதவு –'

அதற்குமேல் ஒன்றும் இல்லை. தபாலில் போடும்போது இன்னும் உள்ளே இறங்கவில்லை. என்ன செய்வது என்று முடிவாகவில்லை.

ரசீதுகளோடும் மெமோவின் நகலோடும் மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் நிதானமாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அங்க ஒரு கல்லு வெளிய கிடந்துச்சாம் அக்கா" என்றார் மெதுவாக. "விசாரிச்சப்போ சொன்னாங்க. கதவு திறந்து கிடந்தா குளிர் போயிடும்னு எவனோ கல்லை ஒதுக்கிட்டு சாத்திட்டுப் போயிருக்கான். உள்ள ஆளு இருக்கறது அவனுக்குத் தெரியல."

"இதை நஷ்டஈடு ஃபைல்ல சேக்கணும் சார்."

"சேத்தா மெமோவும் சேந்து போகும். கையெழுத்து என்னுது, எழுத்து உங்களுது. உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"ரெண்டு."

"அப்ப பெட்டியிலேயே இருக்கட்டும். அவங்க தரப்புல கேட்டா குடுப்போம். கேக்காததை நாம ஏன் நீட்டணும்?"

"அவங்க கேட்டுட்டாங்க சார்."

"யார்கிட்ட?"

"என்கிட்ட."

மேனேஜர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எழுத்துல கேக்கலியே" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவர் வழக்கம்போல் கிழிக்கிற பேச்சை ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டில் விரலால் கோடு போட்டபடி கேட்டார்.

"பஸ்ஸுல டிக்கெட் குடுக்காம ஒருத்தரை இறக்கி விட்டுட்டோம்னு வை" என்றார். "செக்கிங் வந்தா நம்ம தலைதான் உருளும். ஆனா அதுக்காக அவன் பஸ்ஸுலயே ஏறலைன்னு சொல்ல முடியுமா?"

"என் வேலைக்கு ஏதாவது ஆனா?"

"எனக்குப் பென்ஷன் வருது. பாதி வயிறு உனக்கு, பாதி எனக்கு. நீதான் கொஞ்சமாச் சாப்பிடுவியே."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கே அலுவலகம் வந்துவிட்டாள். விதிப் புத்தகத்தை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் கிடையாது. விதி 9.1: சரிபார்ப்பவர் தான் வெட்டிய இனத்தைத் தவறு என்று கண்டால், ஐந்து வருடத்துக்குள், ஆதாரத்தோடு, தானே மறுபரிசீலனை செய்து அனுமதிக்கலாம். மொத்தம் ஐம்பதாயிரத்துக்குள் இருந்தால் மேனேஜர் கையெழுத்து வேண்டாம். இருபத்திரண்டு வருடத்தில் அந்த விதியை அவள் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. தான் வெட்டியது தவறு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஒவ்வொன்றாகத் திறந்தாள். டீ, சாப்பாடு, டீ, டீ. எல்லாம் கூட்டி முப்பத்தெட்டாயிரத்து எழுநூறு. ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டது சிஸ்டம். ஒவ்வொரு வரிக்கும் எழுதினாள்: 'பணி நேரத்தில் கதவருகே பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்ட நபருக்கான செலவு. கம்பெனி துணை ஆள் அனுப்பாததால் அவசியமானது. முன்பு தவறாக மறுக்கப்பட்டது.' ரசீதுகளின் பின்பக்கங்களைப் படமெடுத்து இணைத்தாள். முதல் கணக்கின் குறிப்பையும் இணைத்தாள். கடைசியாக மெமோவையும் இணைத்தாள், தன் வாசகத்தோடு. பணம் போகும்போது சிஸ்டம் தானாகவே ஒரு விவரத் தாளையும் எல்லா இணைப்புகளையும் கணக்குக் கொடுத்தவருடைய செல்போனுக்கு அனுப்பும். கம்பெனியே ஒத்துக்கொண்டு பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி. அதை எந்த வக்கீலும் படித்துக்கொள்ளலாம்.

அனுமதி என்ற பொத்தானை அமுக்கினாள்.

பிறகு கடைசிக் கணக்கு. எட்டு இனத்தையும் முழுசாக விட்டாள். ஒன்பதாவதில் நின்றாள். தொகையைப் பூஜ்யமாக்கினாள். சிஸ்டம் காரணங்களின் பட்டியலை நீட்டியது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். வரம்புக்கு மேல். ரசீது இல்லை. சொந்தச் செலவு. இரண்டுமுறை கேட்கப்பட்ட செலவு. பயணம் மேற்கொள்ளப்படவில்லை. கடைசியைத் தொட்டாள். கணக்கு முடிந்தது என்று பச்சையாகக் காட்டியது. அப்போது மணி பத்தாகச் சில நிமிடம் இருந்தது.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது. கம்பளிக்காரரின் மனைவி.

"மேடம், நிறைய வந்திருக்கு போன்ல. பணம் வந்துருக்கு, பேப்பர் வந்திருக்கு. அவரு எழுத்து வந்திருக்கு."

"எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கோங்கம்மா. நல்ல வக்கீலாப் பாத்துக் காட்டுங்க. கடைசில ஒரு மெமோ இருக்கும். அதை எழுதினது நான்தான்."

திட்டப்போகிறாள் என்று கத்தரி அக்கா காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இன்னிக்குப் பத்து மணிக்கு அடிக்கல" என்றாள் அந்தப் பெண்.

"நிறுத்திட்டேன்மா."

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஆனா தெனம் அது கேக்கறப்போ, டிக்கெட்டைத்தானே கேக்குது, அப்ப பஸ்ஸுல வந்துட்டு இருக்காருபோலன்னு இருக்கும். கிறுக்குத்தனம்தான். பத்து மணி வரைக்கும் போனைக் கைல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இரண்டு பேரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தார்கள். எந்தப் பக்கம் முதலில் வைத்தது என்று அப்புறம் அவளுக்கு நினைவில்லை.

தனியாக உள்ளே போனார் என்ற கடிதத்தைக் கம்பெனி இரண்டு மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நஷ்டஈடு முழுசாக வரவில்லை, வழக்கு நடக்கிறது. ஆனால் வீட்டு லோன் அடையும் அளவுக்கு ஒரு பகுதி வந்துவிட்டது. கத்தரி அக்காவுக்கும் ஒரு மெமோ வந்தது. மேலிடத்தைக் கலந்தாலோசிக்காமல் செயல்பட்டதற்கு விளக்கம் கேட்டு. வாசகம் சுமார்தான், தான் எழுதியிருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும் என்று வீட்டில் சொன்னாள். வேலையில்தான் இருக்கிறாள்.

கம்பளிக்காரர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அவருடைய முதல் கணக்கு அவள் மேஜைக்கு வந்தது. சுத்தமான கணக்கு. லாட்ஜ் வரம்புக்குள், ஆட்டோ ரசீது திருத்தமில்லாமல், எல்லாம் விதிப்படி ஒட்டியிருந்தது. மூன்று கிடங்கு, மூன்று நாள். டீ ஒன்று, ஒன்று, ஒன்று.

அவள் பஞ்சை நனைத்து மூன்றையும் பிரித்துத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பது போல் மறுபடியும் இருந்தது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து, முகப்புத் தாளில் பெரிதாக எழுதினாள்: 'திருப்பி அனுப்பப்படுகிறது. இரண்டாவது டீ எங்கே? கதவருகே நின்றது யார்?' கீழே கொக்கியைப் போட்டு, வெளியே போகும் தபால் தட்டில் வைத்தாள்.